94,000 பில்லுக்கு 49,500 ஒப்புதல்: தீர்வுக் கடிதத்தை எப்படிப் படிப்பது, எதை மறுப்பது?

மேகலை

அனைவருக்கும் வணக்கம். விபத்தில் என் காரின் முன்பக்கம் சேதமடைந்தது. பட்டறை கொடுத்த பில் 94,000. காப்பீட்டு நிறுவனத்தின் தீர்வுக் கடிதம் நேற்று வந்தது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

கோரிய தொகை 94,000
அனுமதிக்கப்படாத இனங்கள் 10,000
தேய்மானம் 31,000
பழைய பாகங்களின் மதிப்பு 1,500
கட்டாயக் கழிவு 2,000
ஒப்புதல் அளிக்கப்பட்ட நிகரத் தொகை 49,500

இங்கே பல நாடுகளிலிருந்து படிக்கிறீர்கள் என்பதால் நாணயத்தைக் குறிப்பிடவில்லை. கணக்கைப் பின்தொடர எளிதாக, வரியையும் சில்லறையையும் நீக்கி எழுதியிருக்கிறேன். வண்டிக்கு வயது மூன்றரை. பாலிசி சாதாரண முழுமைக் காப்பீடு. தேய்மானத்தை நீக்கும் கூடுதல் பாதுகாப்பு எதுவும் எடுக்கவில்லை.

கடிதத்துடன் ஒரு ரசீதுப் படிவமும் வந்திருக்கிறது. "இத்தொகையை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன், இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்" என்று அச்சிட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எதில் எவ்வளவு நியாயம் என்று தெரியாமல் கையெழுத்திட மனம் வரவில்லை. இதைச் சுருக்கிப் புரிந்துகொள்ள உதவுங்கள்.

கணக்காயன்

சகோதரி, சுருக்கம் எளிது. பாகங்களின் பழமைக்காகக் கழிக்கும் தேய்மானம் பாலிசியிலேயே எழுதப்பட்ட விதி. ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் அப்படியே. எனவே 33,000 போனது போனதுதான். அதற்காக வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அனுமதிக்காத 10,000 எதற்கு என்று மட்டும் கேளுங்கள். அடுத்த ஆண்டு தேய்மானம் இல்லாத பாலிசியாக எடுத்துவிடுங்கள். அப்போது பில் தொகை முழுவதும் கிடைத்துவிடும்.

அளவைத்தடி

நான் விபத்துச் சேதத்தை மதிப்பிடும் வாகன இழப்பு சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் சொன்னதில் பாதி சரி. தேய்மானம் பிடிப்பது விதி என்பது உண்மை. ஆனால் பிடிக்கலாம் என்பது வேறு, சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்பது வேறு. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தத் தேய்மான வரிக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு பாகத்தையும் உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று வகைப்படுத்துவது ஒரு மனிதர். அவர் ஒரு வரியைத் தவறான வகையில் சேர்த்தால் கூட்டுத்தொகையைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அம்மா, உங்கள் கையில் இருக்கும் கடிதத்தை வைத்துச் சுருக்கம் எழுத முடியாது. சர்வேயர் தயாரித்த மதிப்பீட்டுத் தாள் வேண்டும். அதில் பில்லின் ஒவ்வொரு வரிக்கும் கோரிய தொகை, அனுமதித்த தொகை, எந்த விழுக்காடு கழித்தார் என்பவை தனித்தனிப் பத்திகளில் இருக்கும். கடிதத்தில் உள்ள கோரிய தொகை, அனுமதிக்கப்படாதவை, தேய்மானம் ஆகிய எண்கள் அந்தப் பத்திகளின் அடிக்கூட்டல்தான். சர்வே அறிக்கையின் நகலையும் மதிப்பீட்டுத் தாளையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதிவு நிற்காது. கூடவே உங்கள் பாலிசி ஆவணத்தில் தேய்மான அட்டவணை இருக்கும் பக்கத்தை எடுத்து வையுங்கள். நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். சில நாடுகளில் பழுதுபார்ப்புக்கு மாற்றும் பாகங்களில் பொதுவாகத் தேய்மானமே கழிப்பதில்லை. டயர், பேட்டரி போன்று ஓடத் தேயும் பாகங்களில் மட்டும் கழிப்பார்கள். உங்களுக்குப் பொருந்துவது உங்கள் பாலிசியில் உள்ள அட்டவணை மட்டுமே.

தேய்மானம் இல்லாத பாலிசி எடுத்தால் முழுப் பில்லும் கிடைக்கும் என்பதும் சரியல்ல. கட்டாயக் கழிவு அப்போதும் இருக்கும். ஆயில், கூலன்ட் போன்ற நுகர்பொருட்களுக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டியிருக்கும். விபத்துக்குத் தொடர்பில்லாத சேதம் எந்தப் பாலிசியிலும் வராது.

வெண்ணிலா

எனக்கும் இதே அநியாயம் நடந்தது. என் வண்டி முழுச் சேதம் என்று அறிவித்தார்கள். காப்பீட்டு மதிப்பு முழுவதும் தருவதாகச் சொல்லிவிட்டு, சேதமடைந்த வண்டியின் மதிப்பு என்று பெரிய தொகையைக் கழித்துவிட்டார்கள். மேகலை, உங்கள் கடிதத்தில் இருக்கும் "பழைய பாகங்களின் மதிப்பு" என்பதும் அதே தந்திரம்தான். விடாதீர்கள்.

அளவைத்தடி

வெண்ணிலா அம்மா, உங்கள் நிலைமை வருத்தம் தருகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு. முழுச் சேதத்தில் பாகம் பாகமாகத் தேய்மானம் பார்க்க மாட்டார்கள். வண்டியின் வயது காப்பீட்டு மதிப்பிலேயே கணக்கில் வந்துவிடுகிறது. அந்த மதிப்பிலிருந்து கட்டாயக் கழிவை எடுப்பார்கள். சேதமான வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் விற்பனை மதிப்பையும் எடுப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அந்த விற்பனை மதிப்பு யார் ஏலத்தில் கேட்ட விலையின் அடிப்படையில் வந்தது? அப்படி ஒருவர் விலை கேட்டது எழுத்தில் உண்மையாக இருந்தால், அதே விலைக்கு அவர்களே வண்டியை எடுத்துக்கொண்டு முழுத்தொகையைத் தரச் சொல்லலாம். தனி இழையாகத் தொடங்குங்கள், எழுதுகிறேன்.

மேகலையின் 1,500 என்பது கழற்றிப் போட்ட பானெட், ஃபெண்டர் ஆகியவற்றின் இரும்பு விலை. பழைய பாகங்களை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் அந்தக் கழிவுக்கு இடமில்லை.

பட்டறைக்காரன்

பட்டறை நடத்துபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பழைய பாகங்களை நாங்கள் அதிக நாள் வைத்திருக்க மாட்டோம், இடமில்லை. கடிதம் வந்த அன்றே பட்டறைக்குச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெயின்ட் வரியைப் பாருங்கள். நாங்கள் பெயின்ட் பில்லைப் பெரும்பாலும் ஒரே தொகையாக எழுதுவோம். பெயின்ட், ப்ரைமர், தின்னர் எல்லாம் பொருள். தேய்ப்பது, மறைப்பது, அடிப்பது எல்லாம் கூலி. கூலிக்கு என்ன தேய்மானம்? ஆனால் சில சர்வேயர்கள் முழுத் தொகைக்கும் கழித்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் எங்களிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள்.

மேகலை

நன்றி. மின்னஞ்சல் அனுப்பினேன், மதிப்பீட்டுத் தாள் வந்துவிட்டது. பில் வரிகளையும் சர்வேயர் கழித்ததையும் அப்படியே தருகிறேன்:

பானெட், ஃபெண்டர்: 20,000. கழித்தது 25 விழுக்காடு, 5,000
முன் பம்பர், கிரில்: 16,000. கழித்தது 50 விழுக்காடு, 8,000
ஹெட்லைட்: 11,000. கழித்தது 50 விழுக்காடு, 5,500
முன்கண்ணாடி: 9,000. கழித்தது 50 விழுக்காடு, 4,500
பெயின்ட்: 16,000. கழித்தது 50 விழுக்காடு, 8,000
டிங்கரிங், கழற்றி மாட்டும் கூலி: 12,000. கழிவு இல்லை
இடது பின்கதவு, டிங்கரிங் 5,000, பெயின்ட் 3,000: மொத்தம் 8,000. முழுவதும் அனுமதிக்கவில்லை; "பழைய சேதம், விபத்துடன் தொடர்பில்லை" என்று குறிப்பு
கூலன்ட், கிளிப், ஆயில்: 2,000. முழுவதும் அனுமதிக்கவில்லை

பாலிசியின் அட்டவணையில் இருப்பது: ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் நான்கு ஆண்டுக்குள் உள்ள வண்டியின் மற்ற பாகங்களுக்கு 25 விழுக்காடு. பெயின்ட்டுக்குப் பொருள் செலவில் மட்டும் 50 விழுக்காடு. பில்லில் பொருளும் கூலியும் பிரிக்கப்படாவிட்டால் மொத்தத்தில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொள்ள வேண்டும்.

படிக்கும்போதே முன்கண்ணாடி வரியில் கண் நின்றுவிட்டது.

அளவைத்தடி

சரியான இடத்தில் நின்றிருக்கிறீர்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை என்று உங்கள் பாலிசியே சொல்கிறது. சர்வேயர் 50 விழுக்காடு கழித்திருக்கிறார். ஹெட்லைட்டுக்குக் கீழே அடுத்த வரியாக இருந்ததால் அதே விழுக்காடு இறங்கிவிட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் 4,500 உங்களுக்கு வர வேண்டும்.

இரண்டாவது பெயின்ட். உங்கள் பில்லில் 16,000 என்று ஒரே தொகை. அதில் கால் பங்கு 4,000 தான் பொருள். அதில் பாதி 2,000. கழிக்க வேண்டியது 2,000, கழித்தது 8,000. ஆக 6,000 அதிகம் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டையும் கூட்டினால் 10,500. ஒப்புதல் தொகை 49,500 என்பது 60,000 ஆக வேண்டும். இதற்கு வாதமே தேவையில்லை. அவர்களுடைய தாளையும் அவர்களுடைய அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

பானெட், ஃபெண்டர், பம்பர், கிரில் ஆகியவற்றின் 13,000 தேய்மானம் சரி. வண்டியின் வயதை விபத்து நாளை வைத்துக் கணக்கிட்டார்களா என்று மட்டும் பாருங்கள். தீர்வு தாமதமாகி, கடிதத் தேதியை வைத்து அடுத்த வயதுப் படிக்குத் தள்ளிவிடுவது உண்டு. உங்களுக்கு மூன்றரை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. கூலிக்குக் கழிக்காததும் சரி. கட்டாயக் கழிவு 2,000 பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணுடன் ஒத்துப்போனால் அதையும் விடுங்கள். நுகர்பொருட்கள் 2,000 பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருந்தால் அதுவும் முடிந்தது.

கணக்காயன்

பெயின்ட் கணக்கு புதிது எனக்கு; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்கண்ணாடியில் அவர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. இக்கால முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதைச் சொல்லிப் பிளாஸ்டிக் பாகம் என்று நிறுவனம் கூறினால்?

மேலும், பெயின்ட்டைப் பட்டறையிடம் பொருள் வேறு கூலி வேறு என்று பிரித்து வாங்கினால் இன்னும் அதிகம் கிடைக்காதா?

அளவைத்தடி

நடுவில் படலம் இருப்பது உண்மை. ஆனால் விபத்தில் உடைந்ததும் மாற்றியதும் முன்கண்ணாடி என்ற ஒரே பாகம். பாலிசி எழுதியவர்களுக்கும் அது படலத்தோடுதான் வரும் என்று தெரியும். அப்படித் தெரிந்துதான் கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பதில் கடிதத்தில் இந்த வாதம் வந்தால் கவலைப்படத் தேவையில்லை.

பெயின்ட்டைப் பிரிப்பதில் எச்சரிக்கை தேவை. பிரித்த பில்லில் பொருள் செலவு கால் பங்குக்கும் குறைவாக இருந்தால் உங்களுக்கு லாபம், அதிகமாக இருந்தால் நஷ்டம். உதாரணமாக 16,000-இல் பொருள் 7,000 என்று பட்டறை பிரித்தால் கழிவு 3,500 ஆகிவிடும். முன்பே ஒரே தொகையாக நிறுவனத்திடம் கொடுத்த பில்லை இப்போது மாற்றிக் கொடுப்பது சந்தேகத்தையும் கிளப்பும். இருப்பதை அப்படியே விடுங்கள்.

பட்டறைக்காரன்

அண்ணன் சொல்வது சரி. உலோக நிறம், முத்து நிறம் அடித்தால் பொருள் செலவு கால் பங்கைத் தாண்டிவிடும். பில்லைத் திருத்தித் தரும்படி கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஹெட்லைட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதன் முன்மூடி பாலிகார்பனேட், அது பிளாஸ்டிக்தான். ஆனால் உள்ளே எல்.இ.டி. பலகை, மின்சுற்று, கம்பி, வெப்பம் கடத்தும் உலோகத் தகடு எல்லாம் இருக்கின்றன. விலையில் பெரும்பகுதி அந்த உட்பாகங்களுக்குத்தான். மொத்தத்தையும் பிளாஸ்டிக் என்று பாதியைக் கழிப்பது நியாயமா?

கணக்காயன்

வெளியே தெரிவது பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்தான். அட்டவணையில் ஹெட்லைட்டுக்குத் தனி வகை இல்லையே.

அளவைத்தடி

இதில் நான் உறுதியாக ஒரு பக்கம் நிற்க மாட்டேன். பல சர்வேயர்கள் முழு ஹெட்லைட்டையும் 50 விழுக்காட்டில் போடுவார்கள். நான் வேலையில் இருந்தபோது பழைய ஹாலஜன் விளக்குகளுக்கு அப்படித்தான் போட்டேன். எல்.இ.டி. தொகுதிகளில் பட்டறைக்காரர் சொல்லும் வாதத்துக்கு வலு உண்டு. மற்ற பாகங்களுக்கான 25 விழுக்காட்டில் போட்டால் கழிவு 2,750. அதாவது 2,750 கூடுதலாகக் கிடைக்கும். கேளுங்கள். ஆனால் முன்கண்ணாடி, பெயின்ட் ஆகியவற்றோடு ஒரே பத்தியில் கலக்காதீர்கள். தவறு என்று நிரூபிக்கக்கூடியதையும் கருத்து வேறுபாடு உள்ளதையும் கலந்தால், கருத்து வேறுபாட்டுக்குப் பதில் எழுதிவிட்டு மற்றதையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள்.

மேகலை

கதவைப் பற்றிக் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். முன்பக்கம் மோதியதும் வண்டி சுழன்று இடது பின்கதவு சாலையோரத் தடுப்பில் இடித்தது. ஒரே விபத்து. தொலைபேசியில் காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் தகவல் சொன்னபோது இரண்டையும் சொன்னேன். அவர்களுடைய பதிவில் "முன்பக்கச் சேதம்" என்று மட்டும் இருக்கிறது. பழைய சேதம் என்று எழுதுவது என்னைப் பொய் சொல்பவளாகக் காட்டுகிறது.

அளவைத்தடி

வருத்தப்படாதீர்கள்; அதை ஒரு சர்வேயர் எப்படிப் பார்க்கிறார் என்று சொல்கிறேன். அவர் பார்ப்பது மூன்றை. கீறலில் துரு இருக்கிறதா? புதிய சேதத்தில் வெறும் உலோகம் பளபளக்கும். நாளானால் பழுப்பு படியும். பள்ளத்துக்குள் தூசியும் மெழுகும் அடைந்திருக்கிறதா? சேதத்தின் உயரமும் திசையும் விபத்து விவரத்தோடு பொருந்துகிறதா? முன்னால் மோதியதாக மட்டும் தகவல் இருந்தால் பின்கதவுச் சேதம் பொருந்தாது, அவர் கழித்துவிடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "பழைய சேதம்" என்று எழுதியதற்கு ஆதாரமாகப் படம் இருக்க வேண்டும்.

எனவே கதவின் சர்வே படங்களைக் கேளுங்கள். அதோடு விபத்து நடந்த அன்று நீங்கள் கைப்பேசியில் எடுத்த படங்களின் மூலக் கோப்புகளை எடுத்து வையுங்கள்; செயலி வழியாக அனுப்பிய நகல்களில் எடுத்த நாள், நேரம் பெரும்பாலும் அழிந்துபோகும். தடுப்பில் உங்கள் வண்டியின் நிறம் ஒட்டியிருந்தால் அந்தப் படம் நூறு வார்த்தைக்குச் சமம். விபத்துக்குச் சில வாரம் முன் சர்வீஸுக்கு விட்டிருந்தால், வண்டியை உங்களிடமிருந்து பெற்றுக்கொண்டபோது சர்வீஸ் மையம் குறித்த வெளிப்புறச் சேதக் குறிப்பேடு இருக்கும். அதில் கதவு குறிக்கப்படவில்லை என்றால் பழைய சேதம் என்ற வாதம் நிற்காது.

வெற்றி பெற்றாலும் 8,000 முழுவதும் வராது. பெயின்ட் 3,000-இல் கால் பங்கு 750, அதில் பாதி 375 கழியும். 7,625 கிடைக்கலாம்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கதவு வேறு ஒரு நாளில் நடந்த சேதம் என்று நீங்களே ஒப்புக்கொள்ளும்படி எதையும் எழுதிவிடாதீர்கள். அப்போது அதை இரண்டாவது விபத்தாகக் கொண்டு இன்னொரு கட்டாயக் கழிவு பிடிப்பார்கள். தாமதமாகத் தெரிவித்ததாகவும் சொல்வார்கள்.

செழியன்

நுகர்வோர் வழக்குகளில் உதவி செய்பவன் நான். கணக்கை அண்ணன் தெளிவாக்கிவிட்டார். அந்த ரசீதைப் பற்றிச் சொல்கிறேன்.

"முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரியில் அப்படியே கையெழுத்திடாதீர்கள். அதற்காகப் பணத்தையும் மறுக்க வேண்டாம். 49,500 குறித்து உங்களுக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு மீதித் தொகையில்தான். "சர்ச்சையில்லாத பகுதித் தொகையாக மட்டும் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகையைக் கோரும் உரிமையைக் கைவிடவில்லை" என்று ரசீதில் கையால் எழுதி, அதன் கீழ் கையெழுத்திட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதிய ரசீதை ஏற்க மறுத்தால், மறுத்ததை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் இதைப் படித்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1999-இல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில், ரசீதில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோரின் உரிமை போய்விடாது என்று கூறியது. ஆனால் ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாகக் காட்ட வேண்டிய சுமை கையெழுத்திட்டவர் மேல் விழும். அந்தச் சுமையை ஏன் ஏற்க வேண்டும் என்பதால்தான் முதலிலேயே எழுதச் சொல்கிறேன். அதே நீதிமன்றம் 2009-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை இறுதிச் சொல் அல்ல என்றும் சொல்லியிருக்கிறது. பிற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்காயன்

நேரடியாக, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளரிடம் போய்விட்டால் வேலை விரைவாக முடியாதா? நிறுவனத்துக்கு எழுதுவதெல்லாம் கண்துடைப்பு.

செழியன்

போனால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவில் நிறுவனம் நிராகரித்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு ஓராண்டுக் காலவரை. பிரிட்டனில் நிறுவனத்துக்கு எட்டு வாரம் வரை அவகாசம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். பொதுவாகக் கடிகாரம் நிறுவனத்தின் எழுத்துப் பதிலிலிருந்து ஓடுகிறது. அதனால்தான் தொலைபேசியில் பேசி மாதங்களைக் கழிப்பவர்கள் கடைசியில் ஆதாரமின்றி நிற்கிறார்கள்.

மேகலை, உங்கள் கடிதத்தை இப்படி எழுதலாம்:

"கிளைம் எண் குறிப்பிட்ட தங்கள் தீர்வுக் கடிதமும் மதிப்பீட்டுத் தாளும் கிடைத்தன. ஒப்புதல் தொகை 49,500. கீழ்க்கண்ட கழிவுகளை மறுக்கிறேன்.

முன்கண்ணாடி, தாளின் நான்காம் வரி: 4,500 கழிக்கப்பட்டுள்ளது. பாலிசியின் தேய்மான அட்டவணைப்படி கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. முழுத் தொகையும் திரும்ப வேண்டும்.

பெயின்ட், ஐந்தாம் வரி: 8,000 கழிக்கப்பட்டுள்ளது. பில் பிரிக்கப்படாததால் பொருள் செலவு 4,000, கழிவு 2,000. மிகையாகக் கழித்த 6,000 திரும்ப வேண்டும்.

இடது பின்கதவு: பழைய சேதம் என்ற முடிவுக்கு ஆதாரமான படங்களைத் தருக. விபத்து நாளின் படங்களை இணைத்துள்ளேன். மறுபரிசீலனை கோருகிறேன்.

பழைய பாகங்களை ஒப்படைக்கத் தயார். 1,500 கழிவை நீக்குக.

ஒவ்வொன்றுக்கும் பாலிசியின் எந்தப் பிரிவின்படி முடிவெடுத்தீர்கள் எனக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் தருக."

ஹெட்லைட்டைத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். இவை எல்லாவற்றையும் கிளைம் பிரிவுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள்.

மேகலை

பதில் வந்துவிட்டது. முன்கண்ணாடியையும் பெயின்ட்டையும் "எழுத்துப் பிழை" என்று ஏற்று, 60,000-க்குத் திருத்திய கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். ரசீதில் செழியன் சொன்ன வரியை எழுதிக் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். பானெட்டும் ஃபெண்டரும் பட்டறையில் இருக்கின்றன. ஒப்படைத்த பிறகு 1,500 தருவார்களாம்.

கதவை மீண்டும் மறுத்துவிட்டார்கள். "முதல் தகவலில் குறிப்பிடப்படவில்லை" என்று ஒரே வரி. அவர்கள் அனுப்பிய சர்வே படத்தில் கதவின் பள்ளத்தில் துரு எதுவும் இல்லை. ஹெட்லைட்டுக்குப் பதிலே இல்லை.

அளவைத்தடி

காரணம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். தாளில் "பழைய சேதம்" என்று இருந்தது. இப்போது "முதல் தகவலில் இல்லை" என்கிறார்கள். படத்தைப் பார்த்த பிறகு முதல் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. முதல் தகவல் தொலைபேசியில் கொடுத்தது என்றீர்கள். அந்த உரையாடலின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கும்.

பட்டறைக்காரன்

ஹெட்லைட்டை விட்டுவிடாதீர்கள் அம்மா. உடைந்த பழைய விளக்கும் என்னைப் போன்றவர்களிடம் கிடக்கும். முன்மூடி மட்டும் உடைந்ததா, உள்பாகமும் போனதா என்று படம் எடுத்து வையுங்கள்.

கணக்காயன்

2,750-க்காக இன்னொரு கடிதமா? நான் என்றால் கதவோடு நிறுத்திக்கொள்வேன்.

செழியன்

கதவுக்கு ஒலிப்பதிவைக் கேட்டு இன்று எழுதுங்கள். அதே மின்னஞ்சலில், "இதுவே தங்கள் இறுதிப் பதிலா?" என்று ஒரு வரி சேருங்கள். ஆம் என்று பதில் வந்தால் குறைதீர்ப்பாளருக்கான மனுவில் அதை முதல் இணைப்பாக வைக்கலாம். ஹெட்லைட்டையும் அந்த மனுவிலேயே இரண்டாவது கோரிக்கையாகச் சேர்க்க முடியும். அதற்கு உங்கள் தனிக் கடிதமும், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் போதும்.